சம்பளப் பட்டியலில் சராசரியா, மீடியனா? கால்மானத்தை எந்த ஃபங்ஷனில் எடுப்பது?

கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் கணக்கு பார்க்கிற பெண் ஒருத்தர் போன மாதம் போன் செய்தார். ஆள் எடுக்க விளம்பரம் போடுகிறார்களாம். "எங்கள் நிறுவனத்தில் சராசரிச் சம்பளம் 61,583 ரூபாய்" என்று போடச் சொல்லிவிட்டாராம் எம்.டி. எக்செலில் `AVERAGE` போட்டுப் பார்த்தால் அந்த எண் சரியாகத்தான் வருகிறது. "ஆனா ஏனுங்ணா, எங்க ஆபீஸ்ல யாருங்க அறுபதாயிரம் வாங்கறாங்க? நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், ஒருத்தரும் இல்லீங்க."

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 12 பேர், மாதச் சம்பளம், ஆயிரம் ரூபாய் கணக்கில், ஏறுவரிசையில்:

18, 20, 22, 24, 25, 28, 32, 35, 40, 55, 90, 350

முதல் ஐந்து பேர் ஆபீஸ் வேலையும் கஸ்டமர் சப்போர்ட்டும். அடுத்த ஆறு பேர் டெவலப்பர்கள், அதில் 90 வாங்குபவர் டெக் லீட். கடைசி 350 எம்.டி.யே தனக்கு எடுத்துக்கொள்கிற சம்பளம். கூட்டினால் 7,39,000. பன்னிரண்டால் வகுத்தால் 61,583. கணக்கில் பிழையே இல்லை. பன்னிரண்டில் பத்துப் பேர் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறார்கள், அவ்வளவுதான் சங்கதி. நடுவில் நிற்கும் இருவர் 28-உம் 32-உம், ஆகவே மீடியன் (பள்ளிக்கூடத்தில் இடைநிலை அளவு என்று படித்தோமே, அதுதான்) 30,000. ஒரே பட்டியல், ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு.

சம்பளப் பட்டியல் என்றாலே பெரும்பாலும் இப்படித்தான், வலது பக்கம் வால் நீண்டு கிடக்கும். கீழே ஒரு தரை உண்டு, யாரும் பூஜ்யத்துக்குக் கீழே வாங்க முடியாது. மேலே கூரை கிடையாது. அதனால் இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் வருவதில்லை. எந்த எண்ணைப் போடுவது, பட்டியலை நான்கு பங்காகப் பிரித்துக் காட்டுகிற கால்மானம் கேட்டால் எக்செலில் இருக்கிற இரண்டு மூன்று ஃபங்ஷனில் எதைத் தொடுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். இதே 12 பேரை வைத்தே பார்த்துவிடலாம்.

## முதலில், எதை வைத்துத் தீர்மானிப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயம்.

முதலாவது, கேள்வி ஆளைப் பற்றியதா, பணத்தைப் பற்றியதா. "இங்கே ஒருத்தர் பொதுவாக என்ன வாங்குகிறார்" என்பது ஆளைப் பற்றியது. "மாதம் எவ்வளவு வெளியே போகிறது" என்பது பணத்தைப் பற்றியது. பாதிச் சண்டை இதைப் பிரிக்காததால்தான் வருகிறது.

இரண்டாவது, ஒரே ஒருத்தர் மாறினால் எண் எவ்வளவு ஆடுகிறது. மூன்றாவது, துறைவாரியாக எடுத்ததை அப்புறம் ஒன்றுசேர்க்க முடியுமா. நான்காவது, அந்த எண் எதைப் பார்க்காமல் விடுகிறது. இந்த நான்காவதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் அதிகம் அடிவாங்குவது அங்கேதான்.

## சராசரி

எங்கே இதுதான் சரி. தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று முடிவாகிறது, எவ்வளவு ஒதுக்க வேண்டும்? சராசரி × 12 = 7,39,000, பைசா பிசகாமல் வரும். இதையே மீடியனை வைத்துப் போட்டால் 30,000 × 12 = 3,60,000. பாதிப் பணம் கூட இல்லை. பட்ஜெட், ஆள்செலவு, புராஜெக்டுக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று விலை சொல்வது, எல்லாமே பணக் கேள்விகள். "மீடியன்தான் நேர்மையான எண்" என்று எங்கோ படித்துவிட்டு இங்கேயும் மீடியனைக் கொண்டுவந்து நுழைத்தால் வேலைக்கு ஆகாது.

ஒன்றுசேர்ப்பது சராசரிக்குச் சுலபம். சப்போர்ட்டில் ஐந்து பேர், சராசரி 21,800. டெவலப்பர் ஆறு பேர், சராசரி 46,667. ஆள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் 35,364. எம்.டி. இல்லாத பட்டியலை நேரடியாகப் போட்டாலும் அதேதான் வரும்.

மறைந்திருக்கும் செலவு. எம்.டி. அடுத்த வருஷம் தன் சம்பளத்தை மூன்றரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக்குகிறார் என்று வையுங்கள். வேறு யாருக்கும் ஒரு ரூபாய் ஏறவில்லை. சராசரி 61,583-லிருந்து 74,083 ஆகிவிடும். "இந்த ஆண்டு நம் ஊழியர்களின் சராசரிச் சம்பளம் 20 சதவீதம் உயர்ந்துள்ளது" என்று சுவரில் எழுதி ஒட்டலாம், பொய்யே இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: எம்.டி.யைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் சராசரி 26,000 ரூபாய்க்கு மேல் விழுகிறது. ஒரே ஒருத்தரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஆடுகிற எண்ணை "இங்கே பொதுவாக இவ்வளவு" என்று சொல்லக் கூடாது.

இஞ்சினியரிங் காலேஜ் விளம்பரத்தில் வருகிற "ஆவரேஜ் பேக்கேஜ்" இந்த வகைதான். நாற்பது லட்சத்துக்கு ரெண்டு பேருக்கு வேலை கிடைத்துவிட்டால் போதும், மூன்றரை லட்சத்துக்குப் போன நூறு பேரையும் அது தூக்கி நிறுத்திவிடும். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் தருகிற படிவத்தில் வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் விளம்பரத்தை விட்டுவிட்டு அந்தப் படிவத்தைப் பார்ப்பது நல்லது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது வேலை கிடைத்தவர்களுக்குள் எடுத்த மீடியன். கிடைக்காதவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை, ஆகவே எத்தனை பேருக்குக் கிடைத்தது என்கிற எண்ணையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

## மீடியன்

எங்கே இதுதான் சரி. வேலைக்கு வரப்போகிறவர் "இங்கே பாதிப் பேர் எவ்வளவுக்கு மேல் வாங்குகிறார்கள்" என்று கேட்டால் பதில் மீடியன். எம்.டி. ஐந்து லட்சம் எடுத்தாலும் ஐம்பது லட்சம் எடுத்தாலும் அது 30,000-தான். அவரை எடுத்துவிட்டால் 28,000. ஆட்டம் வெறும் இரண்டாயிரம்.

சட்டமும் இதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 197(12) பிரிவும், 2014-இல் வந்த விதிகளில் ஐந்தாவது விதியும் சேர்ந்து, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும் தன் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் ஊழியர்களின் மீடியன் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று வெளியிடச் சொல்கின்றன. ஏன் சராசரியைக் கேட்கவில்லை? நம் பட்டியலிலேயே போட்டுப் பாருங்கள். மீடியனை வைத்தால் எம்.டி. சுமார் 11.7 மடங்கு. சராசரியை வைத்தால் 5.7 மடங்கு. அவருடைய சம்பளமே சராசரியைத் தூக்கிவிட்டு, அந்தத் தூக்கிய சராசரியோடு அவரை ஒப்பிட்டால் அவர் சின்னவராகத் தெரிவார். தராசுத் தட்டிலேயே கையை வைத்து அழுத்துகிற மாதிரி.

மறைந்திருக்கும் செலவு, மீடியனுக்கு நிறையவே இருக்கிறது, சராசரியைத் திட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஒன்று, சேர்க்க முடியாது. சப்போர்ட்டின் மீடியன் 22,000, டெவலப்பரின் மீடியன் 37,500. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 29,750. ஆள் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துச் செய்தால் 30,455. உண்மையில் அந்தப் பதினொரு பேரின் மீடியன் 28,000. எந்த வழியிலும் கிடைக்காது, முழுப் பட்டியலும் கையில் வேண்டும். கிளைகளிலிருந்து வெறும் மீடியனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மொத்தத்துக்கு எண் கேட்கிறவர்களுக்கு "மறுபடியும் பட்டியலை அனுப்பச் சொல்லுங்க" என்பதைத் தவிர சொல்ல வேறு எதுவும் இல்லை.

இரண்டு, எக்செலில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சாதாரண பிவட் டேபிளில் சராசரி உண்டு, மீடியன் கிடையாது. `AVERAGEIF` உண்டு, `MEDIANIF` கிடையாது. துறைவாரியாக வேண்டுமென்றால் இப்படி எழுத வேண்டும்:

```
=MEDIAN(IF(A2:A13="Support",B2:B13))
```

பழைய எக்செலில் இதை Ctrl+Shift+Enter அடித்துத்தான் உள்ளே விட வேண்டும், வெறும் Enter அடித்தால் தப்பான விடையோ பிழையோ வரும்.

மூன்று, இரண்டு கும்பலாகப் பிரிந்த பட்டியலில் மீடியன் தாவும். ஒரு பட்டறையில் நான்கு ஹெல்பர்கள், ஆளுக்கு 15,000. ஐந்து மெஷினிஸ்ட்டுகள், ஆளுக்கு 45,000. மீடியன் 45,000. புதிதாக இரண்டு ஹெல்பர் சேர்கிறார்கள், மீடியன் 15,000. யாருடைய சம்பளமும் மாறவில்லை, எண் மூன்றில் ஒன்றாகிவிட்டது. சராசரி இங்கே 31,667-லிருந்து 28,636 என்று அடக்கமாக இறங்கும். இப்படிப்பட்ட பட்டியலுக்கு ஒற்றை எண் எதையுமே போடக் கூடாது, இரண்டு வரிசையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. நம் கம்பெனியில் அடிமட்டத்தில் இருக்கிற ஐந்து பேருக்கும் ஆளுக்கு 3,000 ஏற்றிக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 வாங்கியவர் 21, 25 வாங்கியவர் 28. அவர்கள் வீட்டில் அது பெரிய காசு. மீடியன்? அதே 30,000. நடுவில் நிற்கிற இருவர் மாறாதவரை அது அசையாது. எம்.டி. தனக்கு ஏற்றிக்கொண்டபோது கண்டுகொள்ளாமல் இருந்ததை நல்ல குணம் என்று பாராட்டினோம், அதே குணம்தான் இங்கே அடியில் நடந்ததையும் பார்க்கவிடாமல் செய்கிறது. கால்மானம் தேவைப்படுவது இதற்குத்தான்: ஏற்றத்துக்கு முன் கீழ்க் கால்மானம் 23,500, பின் 26,500. அது பார்த்துவிட்டது.

## இரண்டுக்கும் பொதுவான ஒரு குழி

ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்கும் முன் செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "₹ 25,000" என்று எழுத்தாகத் தட்டியிருந்தால் `AVERAGE`, `MEDIAN` இரண்டும் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதிப் பேருக்குக் கணக்குப் போடும். காலி செல்லையும் விட்டுவிடும். ஆனால் 0 இருந்தால் எடுத்துக்கொள்ளும். 40,000 வாங்கும் டெவலப்பர் அந்த மாதம் முழுக்கச் சம்பளமில்லா விடுப்பில் போனதால் யாரோ 0 என்று போட்டுவிட்டார்கள் என்றால் சராசரி 58,250 ஆகும், மீடியனும் 26,500-க்கு இறங்கும். `=COUNT(B2:B13)` போட்டு 12 வருகிறதா என்று பார்த்தால் முதல் வகைப் பிழை தெரிந்துவிடும். பூஜ்யத்துக்கு `=COUNTIF(B2:B13,0)`. ரெண்டு நிமிஷ வேலை.

## வெட்டி எடுத்த சராசரி

நடுவழியாக ஒன்று கேட்பார்கள், இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிட்டுச் சராசரி போடலாமே என்று. எக்செலில் `=TRIMMEAN(B2:B13,0.2)` என்றால் கீழே ஒருவர், மேலே ஒருவர் போக மீதிப் பத்துப் பேருக்குச் சராசரி: 37,100. மோசமில்லை. ஆனால் ஏன் 0.2, ஏன் 0.1 இல்லை என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. அந்த எண்ணை யார் தீர்மானித்தார்களோ அவர்கள்தான் விடையையும் தீர்மானித்தார்கள். சம்பளத்துக்கு நான் இதை எடுப்பதில்லை.

## கால்மானத்தைப் படிப்பது

கீழ்க் கால்மானம் (25-ஆவது பர்சன்டைல்) 23,500, மீடியன் 30,000, மேல் கால்மானம் (75-ஆவது) 43,750. எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம், முதலில் படிக்கலாம்.

நடுவில் இருக்கிற பாதிப் பேர் கிட்டத்தட்ட 23,500-க்கும் 43,750-க்கும் நடுவே இருக்கிறார்கள். கீழ்க் கால்மானத்திலிருந்து மீடியனுக்கு 6,500 ஏறினால் போதும், மீடியனிலிருந்து மேல் கால்மானத்துக்கு 13,750 ஏற வேண்டும். இந்த இரண்டு தூரமும் சமமாக இல்லாததுதான் வால் வலது பக்கம் நீள்கிறது என்பதற்கு அடையாளம். எம்.டி.யின் சம்பளம் இதற்குள் வரவேயில்லை, அவர் இல்லாமலே கோணல் தெரிகிறது.

பலர் தவறாகப் படிப்பது: 75-ஆவது பர்சன்டைல் என்றால் உச்சச் சம்பளத்தில் 75 சதவீதம் என்று நினைத்துக்கொள்வது. இல்லை. பர்சன்டைல் வரிசையில் இருக்கிற இடம், சதவீதம் பங்கு. இதில் நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. மேலே சொன்ன அதே 2014 விதியில், ஊழியர்களின் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்று கேட்கிற இடத்தில் சதவீத உயர்வு என்று இருக்க வேண்டியது பர்சன்டைல் உயர்வு என்றே அச்சாகியிருக்கிறது! ஆண்டறிக்கை தயாரிக்கிறவர்கள் அதைச் சதவீதமாகவே எடுத்துக்கொண்டு நிரப்பிவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று, மேல் கால்மானத்திலிருந்து, இரண்டு கால்மானங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் ஒன்றரை மடங்குக்கு மேலே இருப்பதை வெளியாள் என்று ஒதுக்குகிற வழக்கம். இங்கே இடைவெளி 20,250, ஒன்றரை மடங்கு 30,375, ஆகவே வேலி 74,125-இல் விழுகிறது. எம்.டி. மட்டுமில்லை, 90 வாங்குகிற டெக் லீடும் வெளியே நிற்கிறார். அவர் சம்பளத்தில் தட்டச்சுப் பிழையும் இல்லை, தவறும் இல்லை, வால் நீண்ட பட்டியலில் அந்த வேலி அப்படித்தான் விழும். வெளியே நிற்பவர்களைச் சரிபாருங்கள், அழிக்காதீர்கள்.

## எந்த ஃபங்ஷன்

இப்போது அந்த 23,500. கணக்கு பார்க்கிற அந்தப் பெண்ணே ஒரு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார், "`QUARTILE.INC` போட்டா ஒண்ணு வருதுங்ணா, `QUARTILE.EXC` போட்டா வேற வருது" என்று. இரண்டும் எக்செல் 2010-இல் வந்தவை, பழைய `QUARTILE` என்பது INC-தான்.

பன்னிரண்டு பேரையும் சம்பள வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். INC முதல் நாற்காலியை 0 என்றும் கடைசி நாற்காலியை 100 என்றும் வைத்துக்கொள்கிறது. நடுவில் 11 இடைவெளி. 25-ஆவது என்றால் 1 + 0.25 × 11 = 3.75-ஆவது நாற்காலி. மூன்றாமவர் 22, நான்காமவர் 24, இடையில் முக்கால் தூரம் போனால் 23.5.

EXC அப்படியில்லை. இது முழு ஊரும் இல்லை, ஊரிலிருந்து பிடித்த 12 பேர்தான், இவர்களுக்குக் கீழேயும் மேலேயும் ஆள் இருக்கலாம் என்று நினைத்து இரண்டு பக்கமும் ஒரு இடைவெளியைச் சேர்த்து 13 ஆக்குகிறது. 0.25 × 13 = 3.25-ஆவது நாற்காலி, விடை 22.5.

மூன்றாவது வகை SQL-இல் இருக்கிறது. `PERCENTILE_CONT` என்பது INC கணக்கேதான். `PERCENTILE_DISC` நாற்காலிகளுக்கு நடுவில் நிற்காது, யாராவது ஒருவர் உண்மையில் வாங்குகிற சம்பளத்தைத்தான் தரும். 0.25 × 12 = 3, மூன்றாமவர், 22.

| பர்சன்டைல் | INC / PERCENTILE_CONT | EXC | PERCENTILE_DISC |
|---|---|---|---|
| 25 | 23,500 | 22,500 | 22,000 |
| 50 | 30,000 | 30,000 | 28,000 |
| 75 | 43,750 | 51,250 | 40,000 |
| 90 | 86,500 | 2,72,000 | 90,000 |
| 95 | 2,07,000 | #NUM! | 3,50,000 |

90-ஆவது வரியைப் பாருங்கள். 86,500-உம் 2,72,000-உம் ஒரே பட்டியலிலிருந்து, இரண்டும் ஒழுங்கான கணக்கு! INC 10.9-ஆவது நாற்காலியில் நிற்கிறது, அதாவது டெக் லீடுக்குச் சற்று முன்னால். EXC 11.7-இல், டெக் லீடைத் தாண்டி எம்.டி.யை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. வித்தியாசம் முக்கால் நாற்காலிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் ஒரு நாற்காலிக்கும் அடுத்ததற்கும் நடுவே 2,60,000 ரூபாய் கிடக்கிறது.

12 பேர் என்றாலும் 1,200 பேர் என்றாலும் 90-ஆவதில் INC-க்கும் EXC-க்கும் நடுவே எப்போதும் 0.8 நாற்காலிதான் தூரம், கால்மானத்தில் அரை நாற்காலி, மீடியனில் பூஜ்யம். ஆள் அதிகமானால் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளின் சம்பளம் நெருங்கிவிடும், எனவே எதைப் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் குறைவாக இருக்கும்போதுதான், அதுவும் வால் பக்கம் போகும்போதுதான், ஃபங்ஷன் பெயர் விடையை மாற்றும். EXC 95-ஆவதுக்கு #NUM! என்று கைவிரிப்பதும் இதனால்தான்: 0.95 × 13 = 12.35, அந்த நாற்காலியே இல்லை. எனக்கு அந்தப் பிழை பிடித்திருக்கிறது. 12 பேரை வைத்துக்கொண்டு 95-ஆவது கேட்டால் நாகரிகமான பதில் அதுதான். INC பாருங்கள், கேட்டதும் 2,07,000 என்று யாருமே வாங்காத ஒரு சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது.

INC / CONT எப்போது. பட்டியலில் எல்லோரும் இருக்கிறார்கள், கம்பெனிக்குள் பேச்சு, அல்லது எக்செலில் போட்டதை இன்னொருவர் SQL-இலோ பைத்தானிலோ சரிபார்க்கப் போகிறார். `numpy.percentile`, பேண்டாஸின் `quantile`, R-இன் `quantile` எல்லாம் எதுவும் சொல்லாவிட்டால் இந்த வழியில்தான் போகும் (R-இல் ஒன்பது வகை இருக்கின்றன, இது ஏழாவது).

EXC எப்போது. பட்டியல் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரியாக இருந்தால். ஊரில் உள்ள டெவலப்பர்களில் நூறு பேரிடம் கேட்டு எழுதியது, அந்த மாதிரி. மினிடாபும் SPSS-உம் இதே வழியில் போவதால் அங்கிருந்து வந்த ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போதும் இதுதான் பொருந்தும்.

DISC எப்போது. "இவ்வளவு வாங்கும் ஆள் உண்மையில் இருக்கிறார்" என்று சொல்ல வேண்டியிருந்தால், அல்லது எண்ணுக்குப் பதில் சம்பளக் கிரேடே இருந்தால் (இரண்டாம் கிரேடுக்கும் மூன்றாம் கிரேடுக்கும் நடுவில் எதுவும் இல்லையே). இதற்கு இரண்டு செலவு உண்டு. சின்ன ஆபீஸில் 75-ஆவது 40,000 என்று போட்டால் அது ஒரு குறிப்பிட்ட மனிதரின் சம்பளம், பக்கத்து மேசைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம், 50-க்கு இது 28,000 தருகிறது. மேலே சொன்ன 2014 விதியோ, ஆட்கள் இரட்டைப்படையில் இருந்தால் நடு இருவரின் சராசரியே மீடியன் என்று விளக்கமே கொடுத்திருக்கிறது. அந்த வெளியீட்டுக்கு DISC ஆகாது.

எழுதுவது இப்படி:

```
=QUARTILE.INC(B2:B13,3)     43750
=QUARTILE.EXC(B2:B13,3)     51250
```

```sql
SELECT
  percentile_cont(0.75) WITHIN GROUP (ORDER BY sal),
  percentile_disc(0.75) WITHIN GROUP (ORDER BY sal)
FROM salary;
```

இது போஸ்ட்கிரெஸில் ஓடும். MySQL-இல் இந்த ஃபங்ஷன்கள் இல்லை, அதனால் அங்கே நிறையப் பேர் `NTILE(4)`-க்குப் போகிறார்கள். அது கால்மானம் இல்லை, வரிசையை நான்கு சம துண்டாக வெட்டுவது மட்டும்தான். ஒரே சம்பளம் வாங்குகிற இருவரில் ஒருவரை இரண்டாம் துண்டிலும் இன்னொருவரை மூன்றாம் துண்டிலும் கூச்சமில்லாமல் போட்டுவிடும்.

பைத்தானில் ஒரு பொறி:

```python
import statistics, numpy as np
s = [18,20,22,24,25,28,32,35,40,55,90,350]
statistics.quantiles(s, n=4)     # [22.5, 30.0, 51.25]
np.percentile(s, [25,50,75])     # [23.5, 30.0, 43.75]
```

ஒரே கம்ப்யூட்டர், ஒரே பட்டியல், இரண்டு விடை. `statistics.quantiles` எதுவும் சொல்லாவிட்டால் EXC வழியில் போகும், `method='inclusive'` என்று கொடுத்தால் மற்றதோடு ஒத்துவரும். உங்கள் ரிப்போர்ட்டும் நண்பர் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் மீடியனை ஒப்பிடுங்கள். மீடியன் ஒத்துப்போய், கால்மானம் மட்டும் விலகினால் பெரும்பாலும் தரவில் தவறில்லை, ஃபங்ஷன்தான் வேறு. மீடியனே விலகினால் ஒரு பக்கம் DISC ஓடுகிறது, அல்லது யாரோ ஒருவர் ஒரு பட்டியலில் விடுபட்டிருக்கிறார்.

## அந்த விளம்பரம்

கடைசியில் 61,583-உம் போடவில்லை, 30,000-உம் போடவில்லை. எடுக்கப் போவது டெவலப்பர், அவருக்கு ஆபீஸ் உதவியாளர் சம்பளமும் எம்.டி. சம்பளமும் எதற்கு? டெவலப்பர் ஆறு பேரை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தோம்: 28, 32, 35, 40, 55, 90. ஆறு பேருக்குக் கால்மானம் எடுக்க உட்கார்ந்தால் மறுபடி INC, EXC பஞ்சாயத்துதான், வேண்டாம் என்றேன். புதிதாக வருகிறவர் எந்த நாற்காலிகளுக்கு நடுவே உட்காருவார் என்று அந்தப் பெண் எம்.டி.யிடமே கேட்டார். "முதல் நாலு பேருக்குள்ளதான் வரும்" என்றார் அவர். "டெவலப்பர், 28,000 முதல் 40,000 வரை, அனுபவத்தைப் பொறுத்து" என்று போய்விட்டது. போனஸ் பட்ஜெட் ஷீட்டில் மட்டும் 61,583 அப்படியே இருக்கிறது.